ஆண்டுதோறும் ஏறும் வாடகையின் இன்றைய மதிப்பு

கேள்வி: வருஷா வருஷம் 5% கூடும் வாடகையை 10 வருஷத்துக்கும் சேர்த்து இப்போதே மொத்தமாகத் தருகிறேன் என்கிறார்கள். எவ்வளவு கேட்பது நியாயம்? அதற்கான சூத்திரம் எங்கிருந்து வருகிறது?

நான் ஆடிட்டர் இல்லை. ஆனால் இதே விஷயத்தில் என் கையைச் சுட்டுக்கொண்டவன். உங்களுக்கும் அப்பா விட்டுப்போன கடையோ இடமோதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் கடைக்கு முதல் வருஷ வாடகை 1,20,000 ரூபாய். ஆண்டுக்கு 5% ஏற்றம், 10 வருஷ ஒப்பந்தம். வாடகைக்கு இருந்தவர் "மொத்தமா 8,05,000 வாங்கிக்குங்க" என்றார். மச்சானோ பத்து வருஷ வாடகையையும் கூட்டிப் பார்த்து, "15 லட்சத்துக்குக் குறைஞ்சா கையெழுத்துப் போடாதே" என்றார். கூட்டினால் 15,09,347 வருவது உண்மைதான். ஆனால் பத்தாவது வருஷம் வரப்போகும் பணமும் இன்று கைக்கு வரும் பணமும் ஒன்றாகுமா?

என் வீட்டுக் கடனுக்கு 8% வட்டி. கிடைக்கும் பணத்தை அதில்தான் கட்டப்போகிறேன், அதனால் வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வட்டி விகிதம் r எனக்கு 8%. கடன் இல்லாதவர் அந்தப் பணத்தை எங்கே போடுவாரோ அங்கே கிடைக்கும் வட்டியை வைத்துக்கொள்ளலாம். வாடகையின் ஆண்டு ஏற்றம் g, அதாவது 5%. முதல் வருஷ வாடகை C, வருஷங்கள் n. ஒவ்வொரு வாடகையையும் அது வரும் நாளிலிருந்து இன்றைக்கு இழுத்து வந்தால், அதாவது காத்திருக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒருமுறை (1+r) ஆல் வகுத்துக் கூட்டினால், கிடைக்கும் இன்றைய மதிப்பு P:

```
P = C/(1+r) + C(1+g)/(1+r)^2 + ... + C(1+g)^(n-1)/(1+r)^n
```

முதல் உறுப்பு 1,11,111. அடுத்தது 1,08,025. ஒவ்வொன்றும் முந்தையதை q = (1+g)/(1+r) ஆல், அதாவது 1.05/1.08 ஆல், பெருக்கியது. பத்தாம் வகுப்பில் படித்த பெருக்குத் தொடர்தான். (எனக்குக் கல்லூரியில் இதை எடுத்தவர் கடைசி வரியை மட்டும் போர்டில் எழுதி "பைஹார்ட் பண்ணு" என்றார். இருபது வருஷமாகியும் அந்தக் கோபம் போகவில்லை.) முழுத் தொடரையும் q ஆல் பெருக்கி, முதல் தொடரிலிருந்து கழித்தால் நடுவில் இருப்பதெல்லாம் அடிபட்டு, இரண்டு முனைகள் மட்டும் நிற்கும்:

```
P(1-q) = C/(1+r) * (1-q^n)
```

1-q என்பது (r-g)/(1+r). இருபக்கமும் உள்ள (1+r) அடிபட,

```
P = C/(r-g) * [1 - ((1+g)/(1+r))^n]
```

நம் எண்களைப் போட்டால் q^10 சுமார் 0.7545. ஒன்றிலிருந்து கழித்து 0.03 ஆல் வகுத்தால் சுமார் 8.183. அதை 1,20,000 ஆல் பெருக்கினால் சுமார் 9,82,000.

அப்போது 8,05,000 எங்கிருந்து வந்தது? g-க்குப் பூஜ்யம் போட்டுப் பார்த்தேன். 8,05,210 வந்தது! ஏற்றத்தையே விட்டுவிட்டு, வருஷா வருஷம் அதே 1,20,000 என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தெரிந்தே செய்தார்களா என்று நான் சொல்லவில்லை. காகிதத்தைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் 9,80,000-க்கு ஒத்துக்கொண்டார்கள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸில் வரும்போதுதான் பழைய ஒப்பந்தத்தை நிதானமாகப் படித்தேன். "ஒவ்வொரு ஆண்டின் தொடக்கத்திலும் அவ்வாண்டு வாடகை முழுவதையும்" என்று இருந்தது. மேலே உள்ள சூத்திரம் முதல் பணம் ஒரு வருஷம் கழித்து வருவதாக வைத்துக்கொள்கிறது. எனக்கோ முதல் வாடகை அன்றைக்கே வரவேண்டியது. எல்லாப் பணமும் ஒரு வருஷம் முன்னால் வருவதால் விடையை இன்னொரு முறை 1.08 ஆல் பெருக்கியிருக்க வேண்டும். 10,60,000-க்குச் சற்று மேல். ஒரு வரியைப் படிக்காததற்கு விலை 80,000 ரூபாய். மச்சானிடம் இன்றுவரை சொல்லவில்லை.

உங்களுக்கு வாடகை மாதாமாதம் வருகிறது என்றால், இதே எண்களுக்கு விடை இந்த இரண்டுக்கும் நடுவில் விழும். இன்னொன்று, C என்பது முதலில் வரப்போகும் வாடகை. ஏற்கெனவே வாங்கி முடித்த போன வருஷ வாடகையை அதில் போட்டால் ஒரு 5% ஏற்றம் காணாமல் போகும். வருமான வரி தனிக் கணக்கு, அதை நான் இங்கே தொடவில்லை.

"r-ஐ விட g அதிகமானால் சூத்திரம் செல்லாதே" என்று கீழே யாராவது வருவார்கள், தெரியும். முடிவே இல்லாமல் போகும் தொடருக்குத்தான் அந்த நிபந்தனை. 10 வருஷத்துக்கு g-ஐ 10% என்று போட்டுப் பாருங்கள், மேலும் கீழும் மைனஸ் வந்து அடிபட்டு, சுமார் 12,08,000 என்று ஒழுங்காகவே வரும். இரண்டும் சமமானால் மட்டும் பூஜ்யத்தால் வகுக்க நேரும். அப்போது முதல் தொடரைப் பாருங்கள், எல்லா உறுப்பும் ஒரே அளவு, விடை nC/(1+r).