தண்டவாள இடைவெளி ஒரு மடங்கா, இரண்டு மடங்கா?

“13 மீட்டர் தண்டவாளத்தை 25 டிகிரியில் பதிக்கிறோம். வெயிலில் 60 டிகிரி ஆனால் எவ்வளவு இடைவெளி வேண்டும்? இரு பக்கத் தண்டவாளமும் நீளுமே, இரண்டு மடங்கு விடணுமா?”

வேண்டாம், ஒரு மடங்கு போதும். ஒவ்வொரு தண்டவாளமும் நடுவிலிருந்து இரு முனைக்கும் பாதிப் பாதியாக நீள்கிறது. ஓர் இடைவெளிக்குள் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாதி, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாதி வரும். சேர்த்தால் ஒரு தண்டவாளத்தின் நீட்சிதான்.

எஃகின் நீள்விரிவு எண், அதாவது ஒரு டிகிரி சூட்டுக்கு அது தன் நீளத்தில் நீளும் பங்கு, 0.000012. வெப்பநிலை 25இலிருந்து 60க்கு, 35 டிகிரி ஏறுகிறது. அப்போது 13,000 × 0.000012 × 35 = 5.46, அதாவது சுமார் ஐந்தரை மில்லிமீட்டர்.

அப்புறம், பலர் தவறுவது வெப்பநிலையில். தருமபுரியில் சித்திரை வெயில் 40 டிகிரி என்றால், மொரப்பூர் தண்டவாளம் அதைவிட 15, 20 டிகிரி கூடுதலாகவே சுடும். காற்றின் 40ஐப் போட்டுக் கணக்கிட்டால் 2.34 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். மீதி 3 மில்லிமீட்டருக்கு இடமில்லாமல் முனைகள் முட்டிக்கொள்ளும், தண்டவாளம் பக்கவாட்டில் நெளியப் பார்க்கும்.