கன்சைன்மென்ட் சரக்கு: விற்காதது யார் கணக்கில் விழும்?

கேள்வி: எம்.சி. ரோட்டில் சின்ன ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு ஒரு ஹோல்சேல்காரர் சுடிதார் செட் இறக்குகிறேன், வித்ததுக்கு மட்டும் காசு கொடுங்க என்கிறார். விற்காமல் நின்றால் நஷ்டம் யாருக்கு?

பதில்: தேதிக்குள் திருப்பினால் அவருக்கு, தேதி தாண்டினால் உங்களுக்கு. வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், வாய்ப்பேச்சை நம்பிச் சரக்கை இறக்காதீர்கள்.

நீங்கள் உங்கள் பில்லில் விற்று, அவருக்கு ஒரு ரேட் கொடுக்கிற ஏற்பாடு இது. 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு இதற்குப் பொருந்தும். குறித்த தேதிக்குள் வேண்டாம் என்று தெரிவிக்காமல் சரக்கை வைத்துக்கொண்டால், நீங்கள் அதை வாங்கியதாகவே அர்த்தம். தேதியே எழுதவில்லை என்றால் 'நியாயமான காலம்' என்று வரும். அது எத்தனை நாள் என்பதில்தான் சண்டையே ஆரம்பிக்கும். அதனால் 60 நாளோ 90 நாளோ, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். செட் 450 ரூபாய் வீதம் 200 செட் வருகிறது. 130 விற்றது, அதற்கு 58,500 கொடுத்துவிட்டீர்கள். மீதி 70 இருக்க வேண்டும், ரேக்கில் எண்ணினால் 64 தான். காணாமல் போன 6 செட்டுக்கு 2,700 ரூபாயைப் பெரும்பாலும் உங்களிடம்தான் கேட்பார். அது விற்காத சரக்கு இல்லை, உங்கள் பொறுப்பில் இருந்து குறைந்த சரக்கு. 64 செட்டையும் தேதிக்குள் திருப்பினால் அந்த 28,800 அவர் பாடு. தேதிக்கு முன்பே வாட்ஸ்அப்பிலாவது '64 பீஸ் ரிட்டர்ன், வந்து எடுத்துக்கோங்க' என்று எண்ணிக்கையோடு அனுப்பிவையுங்கள். அவர் ஆள் அனுப்பத் தாமதித்தாலும், நீங்கள் மறுத்ததற்கு அது சாட்சி.

டேக் அறுந்த பீஸ், ட்ரையல் பார்த்து லிப்ஸ்டிக் கறை பட்ட பீஸ், இவற்றைத் திருப்பி எடுப்பாரா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். ரிட்டர்ன் தகராறு முக்கால்வாசி இதில்தான்.

இன்னொன்று மழை. தீபாவளி முடிந்த கையோடு நம் பக்கம் தெருவில் தண்ணீர் நிற்கும், கீழ்த்தட்டு நனையும். 'கடைக்குள் வந்த பிறகு எந்தச் சேதமும் கடைக்காரர் பொறுப்பு' என்று ஒரு வரி இருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள், இல்லை உங்கள் இன்ஷூரன்ஸில் பிறர் சரக்கையும் சேர்க்கச் சொல்லுங்கள். சாதாரண தீ விபத்து பாலிசியில் அதைத் தனியாகக் குறிப்பிடாவிட்டால் கிளெய்ம் கிடைக்காது.

சரக்கு இறங்கும்போது கையில் வருவது டெலிவரி சலானா, டாக்ஸ் இன்வாய்ஸா என்று பாருங்கள். சலான்தான் வர வேண்டும். இன்வாய்ஸ் வந்தால் முழு 200-ம் உங்களுக்கு விற்றதாக அவர் புத்தகத்தில் ஏறிவிடும், அன்றைக்கே திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்குங்கள். சலானில் வந்தாலும் அனுப்பிய நாளிலிருந்து 6 மாதம் தாண்டினால் ஜிஎஸ்டியில் அவர் இன்வாய்ஸ் போட்டே ஆக வேண்டும். ஆகவே, 'இருக்கட்டும், பொங்கலுக்கு வித்துக்கலாம்' என்று அவர் சொன்னால், புதுத் தேதியை எழுத்தில் வாங்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.