கணக்கில் பணம் இருந்தும் காசோலை திரும்பினால்: கேள்வி பதில்

கரூர், ஜவுளி வியாபாரி: நடப்புக் கணக்கில் 2,11,000 ரூபாய் இருந்தது. நூல் வியாபாரிக்குக் கொடுத்த 18,400 ரூபாய் காசோலை, நான் நிறுத்தச் சொன்னதாகக் காரணம் காட்டித் திரும்பியது. நான் நிறுத்தச் சொன்னது 341-ஆம் எண் காசோலையை; திருப்பியது 314-ஐ. வங்கியில் ‘சாரி’ என்கிறார்கள். அவ்வளவுதானா?

இல்லை, ஐயா. போதிய பணம் இருந்தும் காசோலைக்குப் பணம் தராத வங்கி, காசோலை எழுதியவருக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881-இன் 31-ஆம் பிரிவு சொல்கிறது. எண்ணைத் தட்டச்சு செய்தவர் தவறிவிட்டார் என்பது விளக்கமாகுமே தவிர, வங்கியின் பொறுப்பைக் குறைக்காது.

முதலில், நிறுத்தச் சொல்லி நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தில் 341 என்று இருப்பதையும், அதன் நகலில் வங்கி முத்திரை இருப்பதையும் பாருங்கள். அந்த நகலும், காசோலை திரும்பிய நாளின் இருப்பைக் காட்டும் கணக்கறிக்கையும், ரிட்டர்ன் மெமோவும் சேர்ந்தால் வங்கியின் தவறு ஏறக்குறைய நிரூபணமாகிவிடும். ‘தவறு எங்களுடையது’ என்று நூல் வியாபாரியின் பெயருக்கே கடிதம் தருமாறு வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். திருப்பியதற்கான கட்டணத்தை வரவு வைத்துவிட்டு, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். கிளைகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். காசோலைத் தொகையையும் இன்றே நூல் வியாபாரிக்கு வேறு வழியில் செலுத்திவிடுங்கள். காசோலை திரும்பியதற்காகக் குற்ற வழக்குத் தொடுக்க வழிசெய்யும் 138-ஆம் பிரிவின்படி அவர் நோட்டீஸ் அனுப்பினால், அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும்.

அவரே மீண்டும்: பணம் கொடுத்துவிட்டேன். ஆனால் 30 நாள் கடனில் நூல் கொடுத்தவர் இப்போது ரொக்கம் கேட்கிறார். இதை எப்படிக் கணக்கிடுவது?

உங்கள் வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. வியாபாரியின் காசோலை திரும்பினாலே அவருடைய நாணயத்துக்கு ஊறு நேர்ந்ததாக நீதிமன்றம் கொள்ளும்; ரூபாய்க் கணக்கில் நிரூபிக்காவிட்டாலும் நியாயமான தொகை கொடுக்கலாம். இங்கிலாந்தில் 1854-இல் ரோலின் எதிர் ஸ்டூவர்டு வழக்கிலேயே இது நிலைபெற்றது. அங்கே நடுவர் குழு கொடுத்த 500 பவுன் 200 ஆகக் குறைக்கப்பட்டது. காசோலைத் தொகை சிறியதாக இருந்தால் ஊறு பெரிது என்பதும் பழைய வாதம்: 18,400 ரூபாய்க்கே வழியில்லாதவர் என்றுதான் ஊர் நினைக்கும். அதற்கு மேல் குறிப்பான நஷ்டம் கேட்பதாக இருந்தால் சான்று வேண்டும். சம்பவத்துக்கு முந்தைய ஆறு மாதத்தின் ‘30 நாள்’ பில்களையும், பிந்தைய ரொக்கப் பில்களையும் அருகருகே வைத்து, ரொக்கத்துக்காக நீங்கள் வாங்கிய கடனின் வட்டியைக் கணக்கிடுங்கள். ரொக்கம் கேட்டு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற ஆசிரியை: வியாபாரிகளுக்கு மட்டும்தான் இழப்பீடு, எங்களைப் போன்றவர்களுக்குப் பெயரளவுக்குத்தான் என்று படித்தேன்.

பாதி சரி, அம்மா. இங்கிலாந்தில் 1939-இல் கிப்பன்ஸ் வழக்கில், வாடகைக்குக் கொடுத்த காசோலை திரும்பிய பெண்மணிக்கு, அவர் வியாபாரி அல்லர் என்பதால் 40 ஷில்லிங் மட்டுமே கிடைத்தது. ஆனால் 1996-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், கடன் பெறும் தகுதி இன்று எல்லோருக்கும் முக்கியம் என்று சொல்லி அந்த வேறுபாட்டைத் தளர்த்தியது. இந்திய நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டி வாதிடலாம். எனவே பாதிப்பைச் சான்றோடு காட்டுவதே உங்களுக்குப் பாதுகாப்பு.

சேலம்: எனக்கு வந்த காசோலை திரும்பிவிட்டது. கொடுத்தவர் கணக்கில் பணம் இருந்ததாம். அவருடைய வங்கிமீது நான் வழக்குப் போடலாமா?

31-ஆம் பிரிவின் உரிமை காசோலை எழுதியவருடையது. நீங்கள் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

தூத்துக்குடி: செயலியில் இருப்பு 1,20,000 ரூபாய் என்று காட்டியது. 90,000 ரூபாய் காசோலை திரும்பியது. முந்தைய நாள்தான் 80,000 ரூபாய் காசோலை ஒன்றைப் போட்டிருந்தேன்.

அந்த 80,000 வசூலாகாமல் இருந்திருந்தால், எடுக்கக்கூடிய இருப்பு 40,000 மட்டுமே. வங்கி திருப்பியது தவறாகாது. முடக்கிவைத்த தொகையும் இப்படித்தான். வசூலான நேரத்தை வங்கியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கரூர் வியாபாரி: எங்கே போவது? நுகர்வோர் ஆணையம் செலவில்லாதது என்கிறார்கள்.

வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாட்களில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் நாணயக் கேட்டை விரிவாக விசாரித்து அளவிட அது ஏற்ற இடம் இல்லை என்பது என் கருத்து. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். உங்களுடையது நடப்புக் கணக்கு என்பதால், ‘வணிக நோக்கம், இவர் நுகர்வோர் அல்லர்’ என்று வங்கி முதலிலேயே ஆட்சேபிக்கும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டுமே நடத்தும் தொழில் என்றால் சட்டம் விலக்குத் தருகிறது. ஆள் வைத்து நடத்தும் கடைக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை உறுதியாகச் சொல்வதற்கில்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் அந்தத் தடை இல்லை, மூன்று ஆண்டு அவகாசமும் உண்டு; ஆனால் தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எழுதுங்கள், பிறகு முடிவு செய்வோம்.