லைட் கிரே அடித்தும் ஹால் ஏன் இருட்டாக இருக்கிறது?

கேள்வி: சென்னையில் முதல் மாடி ஃப்ளாட். ஹால் 16க்கு 10 அடி, ஒரு கோடியில் மட்டும் பால்கனி ஜன்னல். எதிரே எட்டடி தள்ளி பக்கத்து அபார்ட்மென்ட்டின் பச்சைச் சுவர். தரை டார்க் பிரவுன் டைல்ஸ். போன வருஷம் லைட் கிரே அடித்தோம், ஷேட் எண் அனுப்பியிருக்கிறேன். பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கு, உட்கார்ந்தால் மனசே ஒரு மாதிரி ஆகிடுது. பளபள ஃபினிஷ் அடித்தால் வெளிச்சம் வரும் என்கிறார் பெயிண்டர். எலுமிச்சை மஞ்சள் அடிக்கலாம் என்கிறார் கணவர். எனக்கு டிவி சுவரில் டெக்ஸ்சர் போட ஆசை. என்ன செய்யட்டும்?

பதில்: ஷேட் எண்ணைத் தேடிப் பார்த்தேன், அந்த கிரேயின் எல்.ஆர்.வி. 45. சுவரில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 45 பங்கை அது திருப்பித் தரும், மீதியை விழுங்கிவிடும் என்று அர்த்தம். கறுப்புக்கு இந்த எண் 5 பக்கம், நல்ல வெள்ளைக்கு 85 பக்கம் இருக்கும். பெயரில் இருக்கும் 'லைட்' என்ற வார்த்தையை நம்பாதீர்கள், இந்த எண்ணைப் பாருங்கள். பல கம்பெனிகள் வெப்சைட்டில் ஷேட் எண்ணுக்குப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், கடையில் இருக்கும் பெரிய ஷேட் புத்தகத்திலும் பெரும்பாலும் கிடைக்கும்.

45 என்பது பாதிக்குக் கொஞ்சம் கம்மிதானே, இவ்வளவு இருட்டு எப்படி வரும் என்று தோன்றலாம். ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் சுவரில் ஒருமுறை பட்டதோடு நிற்பதில்லை. எதிர்ச்சுவர், சீலிங், தரை என்று திரும்பத் திரும்பப் பட்டுத் தெறிக்கிறது, ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு போய்விடுகிறது. உங்கள் ஹாலுக்குக் கணக்குப் போட்டேன்: உயரம் 10 அடி, சீலிங் வெள்ளை 80, சுவர் 45, டைல்ஸ் 12, கதவு ஜன்னல் எல்லாம் சேர்த்து 15 என்று வைத்துக்கொண்டால் அறை முழுவதற்கும் சராசரி 42 வருகிறது. உள்ளே வரும் 100 பங்கில் முதல் தெறிப்பில் 42 மிஞ்சும், அடுத்ததில் 18, அப்புறம் 7, 3... கூட்டினால் கிட்டத்தட்ட 72. அதே ஹாலில் சுவரை 72 உள்ள நிறமாகவும் சீலிங்கை 85 உள்ள வெள்ளையாகவும் மாற்றி, டைல்ஸ் மேல் பாதி இடத்துக்கு வெளிர் நிறப் பாய் ஒன்றை விரித்தால் சராசரி 60 ஆகிறது. இப்போது 60, 36, 22, 13 என்று போய், கூட்டுத்தொகை 150ஐத் தொடும். தெறித்து வரும் வெளிச்சம் இரண்டு மடங்கு, ஜன்னலில் கை வைக்காமலே. இது தோராயக் கணக்குதான். ஜன்னல் பக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, நேர் வெளிச்சம் எட்டாத உள்கோடியில்தான் நன்றாகத் தெரியும். நீங்கள் லைட் போடுவதும் அந்தக் கோடிக்காகத்தானே?

அடுத்து நிறம். எலுமிச்சை மஞ்சள் வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிடுங்கள், காரணத்தோடு. உங்கள் ஜன்னலுக்கு வரும் வெளிச்சத்தில் பெரும்பங்கு அந்தப் பச்சைச் சுவரில் பட்டுத்தான் வருகிறது, அதனால் அதிலேயே பச்சை ஏறியிருக்கிறது. கிரேயில் உட்கார்ந்தால் மனசு ஒரு மாதிரி ஆவதில் பாதிக் காரணம் இதுதான், சாம்பலும் பச்சையும் சேர்ந்தால் மழைநாள் சாயங்காலம் மாதிரி ஆகிவிடும், மனிதர்களின் முகம்கூட வெளிறித் தெரியும். எலுமிச்சை மஞ்சளில் ஏற்கெனவே ஒரு துளி பச்சை உண்டு, இந்த வெளிச்சம் அதை இன்னும் தூக்கிக் காட்டும். போதாததற்குத் தெறிப்பும் சேரும். மஞ்சள் சுவர் சிவப்பில் 80 பங்கையும் நீலத்தில் 40 பங்கையும் திருப்புகிறது என்றால், இரண்டாவது தெறிப்பில் அது 64க்கு 16 ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மஞ்சள் அடர்ந்துகொண்டே போகும். ஷேட் கார்டில் சாதுவாக இருந்த நிறம் நாலு சுவரிலும் அடித்த பிறகு கண்ணைக் குத்துவது இதனால்தான். நிறமுள்ள சுவர் வேண்டுமென்றால் கார்டில் பிடித்ததைவிட ஒரு படி மங்கலானதை எடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது, துளி பீச் சாயல் கலந்த ஆஃப் ஒயிட், எல்.ஆர்.வி. 70க்கும் 75க்கும் நடுவில். பச்சைக்கு எதிர்ப்பக்கம் சிவப்பு என்பதால் அந்தத் துளி, வெளிச்சத்தில் இருக்கும் பச்சையைத் தணித்துவிடும், சுவர் பார்வைக்குப் பீச்சாகத் தெரியாது, வெறும் இதமான வெள்ளையாகத்தான் இருக்கும். ஜன்னல் இருக்கும் சுவருக்கு மட்டும் 85 உள்ள வெள்ளையே அடியுங்கள். அந்தச் சுவரில் வெளியிலிருந்து நேராக எதுவும் படுவதில்லை, பிரகாசமான ஜன்னலுக்குப் பக்கத்தில் அது எப்போதும் கறுத்துத்தான் நிற்கும், கண் கூசுவதும் அந்த வித்தியாசத்தால்தான்.

பெயிண்டர் சொல்லும் பளபளப்பு விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. பளபளப்பு வெளிச்சத்தை அதிகமாக்காது, கண்ணாடி மாதிரி ஒரே பக்கமாகத் திருப்பிவிடும். எங்கள் வீட்டில் ஜன்னலை ஒட்டிய சுவருக்கு சாட்டின் ஃபினிஷ் அடித்தோம், மூன்றரை மணி வெயில் சாய்வாக விழும்போது பட்டி போட்ட கரண்டித் தடம் ஒவ்வொன்றும் சீப்பால் வாரியது மாதிரி எழுந்து நின்றது. நடுவில் ஜன்னலே ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்து, எங்கே உட்கார்ந்தாலும் கண்ணில் அடித்தது. உங்கள் இரண்டு நீளச் சுவர்களுக்கும் வெளிச்சம் இப்படிச் சாய்வாகத்தான் வருகிறது. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், மேடு பள்ளம் நிழலாக விழுந்தால் பளபளப்பைத் தொடாதீர்கள். சீலிங்குக்கு மேட், சுவருக்குத் துடைக்க வசதியாக லேசான மினுமினுப்பு உள்ள ரகம், கதவுகளுக்கு மட்டும் எனாமல், அவ்வளவு போதும்.

டெக்ஸ்சர் ஆசையை விட வேண்டாம், முழுச் சுவருக்கும் என்றால்தான் யோசிக்கணும். டிவி இருப்பது நீளச் சுவரில்தான் என்று நினைக்கிறேன். வெளிச்சத்தை உள்கோடி வரை கொண்டுபோவது அந்தச் சுவர்கள்தான். டெக்ஸ்சரின் ஒவ்வொரு குழியும் ஒரு சின்ன நிழல், அதனால் அதே பெயிண்ட்டை அடித்தாலும் வழவழப்பான சுவரைவிட இருண்டுதான் தெரியும், தூசியும் அதில் தங்கும். ஜன்னலை ஒட்டி நாலடி அகலத்துக்கு மட்டும், அதே ஆஃப் ஒயிட்டில் போடுங்கள். சாய்வு வெளிச்சத்தில் அங்கே டெக்ஸ்சர் உயிரோடு தெரியும். ஜன்னலுக்கு நேர் எதிரே போட்டால் வெளிச்சம் முகத்துக்கு நேராக விழுந்து, போட்டதே தெரியாமல் தட்டையாகிவிடும்.

வாங்குவதற்கு முன் சின்ன டப்பாவில் சாம்பிள் வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடியுங்கள். சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை ஓரம் விடுங்கள், பழைய கிரே பக்கத்தில் இருந்தால் எந்த நிறமும் பளிச்சென்று தெரிந்து ஏமாற்றும். உள்கோடியில் ஒருநாள், ஜன்னல் பக்கம் ஒருநாள் சாய்த்து வைத்து, காலை, மதியம், ராத்திரி லைட்டில் பாருங்கள். இப்போது போடுவது நீலச் சாயல் வெள்ளை வெளிச்சம் தரும் 6500 கெல்வின் பல்பாக இருந்தால் இந்த பீச் சாயல் ராத்திரியில் செத்துப்போகும், கொஞ்சம் இதமான வெள்ளை தரும் 4000 கெல்வினுக்கு மாறுங்கள்.

அப்புறம், எதிர் அபார்ட்மென்ட்காரர்கள் அடுத்து பெயிண்ட் அடிக்கும்போது ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். உங்கள் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் பகுதிக்கு மட்டுமாவது வெள்ளை அடிக்கச் சம்மதித்தால், பெயிண்ட் செலவை நீங்களே கொடுத்தாலும் தகும்.