தென்னைக் கொண்டைப் படத்தில் தெரிவது எந்த வண்டு? கேள்வி பதில்

கேள்வி: ஏழு வயசு மரம். மேலிருந்து மூணு, நாலு, அஞ்சாவது ஓலை கத்தரிக்கோல் போட்டு வெட்டின மாதிரி முக்கோணமா இருக்கு. படம் போட்டிருக்கேன். வண்டு இப்பவும் உள்ள இருக்குமா, என்ன மருந்து அடிக்கலாம்?

இது காண்டாமிருக வண்டு கடித்தது. ஆனால் பழைய கடி. ஓலை விரியாமல் விசிறி போல மடங்கிக் குருத்துக்குள் இருக்கும்போது வண்டு குறுக்கே துளைத்துப் போகிறது. ஒரே துளை பல மடிப்புகளில் விழுவதால், ஓலை விரியும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவில் முக்கோண வெட்டாகத் தெரிகிறது. காற்றில் கிழிந்த ஓலைக்கு இந்த ஒழுங்கு வராது.

நல்ல மரம் ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் ஓலை விரிக்கும். உங்கள் படத்தில் முதல் இரண்டு ஓலை சுத்தமாக இருக்கின்றன. மூன்றாவது ஓலை விரிந்தே இரண்டு மாதம் ஆகியிருக்கும், கடி அதற்கும் முன்னால் நடந்தது. குருத்துக்குள் ஓலைகள் ஒன்றுக்குள் ஒன்றாக நெருங்கி நிற்பதால் ஒரு வண்டு ஒரே துளையில் அடுத்தடுத்த மூன்றையும் கடித்திருக்கலாம். அதனால் மூன்று ஓலை வெட்டுப்பட்டதைப் பார்த்து மூன்று வண்டு என்று எண்ண வேண்டாம்.

வண்டு இப்போது உள்ளே இருக்கிறதா என்பதை விரிந்த ஓலை சொல்லாது. குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளை அருகில் போய்ப் பாருங்கள். துளை வாயில் ஈரமான, புதிதாக மென்று துப்பிய நார் இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. நார் காய்ந்து பழுப்பாகியிருந்தால் போய்விட்டது. இருந்தால், முனை கொக்கியாக வளைந்த மெல்லிய கம்பியைத் துளை போகும் திசையிலேயே மெதுவாக விட்டுக் குத்தி இழுங்கள். நேர் கீழே ஓங்கிக் குத்தாதீர்கள். குருத்தின் அடியில் உள்ள வளரும் முனை உடைந்தால் வண்டு செய்யாததை நீங்களே செய்ததாகிவிடும்.

பிறகு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் அந்த மூன்று இடுக்குகளிலும் போடுங்கள். கன்றாக இருந்தால் நாப்தலீன் உருண்டை மூன்றை இடுக்குக்கு ஒன்றாக வைத்து மேலே மணல் மூடி, 45 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். பலன் இல்லை என்று வரும் புகார்களில் நான் பார்த்த பெரும்பாலான படங்களில் உருண்டை வெளி வட்ட மட்டையில்தான் கிடக்கிறது. வண்டு அங்கே இறங்குவதில்லை.

இடையில் ஒருவர்: வெட்டுப்பட்ட மட்டையை எல்லாம் உடனே அறுத்துப் போடுங்க. காயத்துக்குத்தான் சிவப்புக் கூன் வண்டு வரும்.

பின்பாதி சரி. கூன் வண்டு காயத்தின் வாசனைக்கு வந்து அங்கேதான் முட்டை வைக்கும். காண்டாமிருக வண்டின் துளை அதற்குத் திறந்த வாசல். அதனால்தான் அறுக்கச் சொல்வது தவறு. பச்சை மட்டையை அடியோடு அறுத்தால் தண்டருகே இன்னொரு பச்சைக் காயம் உண்டாகும். வெட்டுப்பட்ட ஓலை இன்னும் மரத்துக்கு உணவு தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது, விட்டுவிடலாம். அறுத்தே தீர வேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டராவது விட்டு அறுங்கள். அடிக்கட்டை தானாகக் காயும்.

கேள்வி: நடுக்குருத்து பழுப்பாகிச் சாய்ஞ்சிருக்கு. சுத்தி இருக்கிற உள்வட்ட ஓலை மஞ்சள். வெட்டு எதுவும் இல்லை. கீழேயிருந்து எடுத்த படம்தான் இருக்கு. கூன் வண்டா, குருத்தழுகலா?

இந்தப் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் தூரத்தில் ஒரே முகம். நாற்றத்தை வைத்தும் பிரிக்காதீர்கள், புழு தின்ற தண்டும் புளித்து நாறும்.

ஏறி, குருத்தைக் கையால் லேசாக இழுங்கள். அடி கூழாக அழுகிக் கையோடு வந்து, துளையோ மென்ற நாரோ இல்லாவிட்டால் பெரும்பாலும் பூசண அழுகல். அழுகியதைச் செதுக்கிவிட்டு 10 சதவீதப் போர்டோ பசை தடவுவது அதற்கான வழி, வண்டு மருந்து வீண். அடியில் சுரங்கம் போல வழிகளும், நார் குப்பையும், கால் இல்லாத தடித்த புழுவும், நார் சுற்றிய கூடும் இருந்தால் கூன் வண்டு.

மட்டை அடிகள் பிளந்திருக்கின்றனவா, தண்டில் எங்காவது பழுப்புச் சாறு வடிகிறதா என்று பாருங்கள். சத்தமில்லாத அதிகாலையில் தண்டில் காதை வைத்தால் புழு கடிக்கும் கரகர ஓசை கேட்கலாம். கேட்காததை வைத்து மரம் நலம் என்று முடிவு செய்ய வேண்டாம்.

குருத்து சாய்ந்த பிறகு பிழைக்குமா என்பது வளரும் முனை மிஞ்சியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. புதிய குருத்து தலைகாட்டும் வரை யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: எனக்கும் அதே தான். எருக்குழியில் வெள்ளைப் புழு நிறைய, வளைஞ்சு கிடக்கு. இதுதான் மரத்தண்டில் ஏறித் துளைக்குதா?

உங்களுடையது வேறு. முன்பக்கம் ஆறு கால்களுடன் வளைந்து கிடந்தால், காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். அது மட்கிய எருவையும் செத்த மரத்தையும் தின்கிறது, உயிருள்ள தண்டுக்குப் போகாது. மரத்தைக் கடிப்பது வளர்ந்த வண்டு மட்டும். கூன் வண்டில் நேர்மாறு, தண்டைக் குடைவது புழுதான். எருவைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள், புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டின் பூசணத்தை எருவில் கலக்குங்கள். பட்ட மரத்தைத் தோப்பில் கிடக்க விடாதீர்கள்.

கேள்வி: பேரீச்சை. கொண்டை படம் பாருங்க, பச்சையா நல்லாதான் இருக்கு. ஆனா அடியில் பக்கக்கன்று பிடுங்கின இடத்தில் பழுப்பா கசியுது. பயப்படணுமா?

பயப்பட வேண்டும். கொண்டை படத்தை மறந்துவிடுங்கள். பேரீச்சையில் கூன் வண்டு பெரும்பாலும் தண்டின் அடிப்பகுதியில், பக்கக்கன்றைப் பிரித்த காயத்தின் வழியே நுழைகிறது. கொண்டை வாடும்போது தண்டு உள்ளே பொந்தாகியிருக்கும், காற்றில் முறியவும் கூடும்.

கசியும் இடத்தை உளியால் லேசாகத் திறந்து, தெரியும் புழுவை எடுங்கள். துளைகளில் மேலே உள்ளதை மட்டும் விட்டு மற்றதைக் களிமண்ணால் அடையுங்கள். இமிடாக்குளோபிரிட் 17.8 எஸ்.எல். மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி கலந்து, மேல் துளையில் புனல் வைத்து மெதுவாக ஊற்றி அதையும் மூடுங்கள். கீழ்த்துளை ஒன்று விட்டுப்போனால் மருந்து அப்படியே வெளியே வழிந்துவிடும். ஒரு வாரம் கழித்தும் புதிய சாறு வடிந்தால் மறுபடி ஊற்ற வேண்டும். உங்கள் பகுதியில் இம்மரத்துக்கு இந்த மருந்து அனுமதி உண்டா, எத்தனை நாள் பழம் பறிக்கக் கூடாது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கூன் வண்டுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வச்சா பக்கத்துத் தோப்பு வண்டெல்லாம் என் தோப்புக்கு வராதா?

சின்னத் தோப்பில் இந்தக் கவலை நியாயமானது, இதில் அனுபவசாலிகளிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. பொறியை நோக்கி வந்து வாளியில் விழாத வண்டு அருகிலுள்ள காயம்பட்ட மரத்தில் இறங்கலாம். நான் செய்யச் சொல்வது, பொறியை இளம் மரங்களிலிருந்து தள்ளி வரப்பு ஓரம் வைத்து, வாளியில் தண்ணீரும் புளிக்கும் உணவும் வற்றாமல் பார்ப்பது. உணவு காய்ந்த பொறி வண்டை அழைக்கும், பிடிக்காது. வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க முடியாதவர் பொறி வைக்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி: செத்த மரத்தை வெட்டி ஓரமா போட்டுட்டேன். போதுமா?

போதாது. உள்ளே உள்ள கூன் வண்டுப் புழுக்கள் கூடு கட்டி வண்டாகி வெளியே வரும், முட்டையிலிருந்து வண்டாக மூன்று நான்கு மாதம்தான். தண்டைப் பிளந்து, புழுவையும் கூட்டையும் எடுத்து அழித்து, கொண்டைப் பகுதியை எரித்துவிடுங்கள். இன்றைக்கே.