லேபர் கோர்ட் ஆர்டரில் தொகை எங்கே இருக்கிறது?

"திருமங்கலம் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தேன். மதுரை லேபர் கோர்ட்டில் கேஸ் ஜெயித்துவிட்டது. 14 பக்க ஆர்டரில் கம்பெனி என்ன செய்யணும், எப்போ, எவ்வளவு தரணும்னு புரியவில்லை. நகல் அனுப்பியிருக்கிறேன்."

முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். 'முடிவாக' என்று தொடங்கும் பத்திதான் உத்தரவு. முன்னால் உள்ள 13 பக்கமும் இரு தரப்பு வாதமும் அதற்கான காரணமும்தான். 6ஆம் பக்கத்தில் 9 லட்சம் என்று ஒரு தொகை வருகிறதே, அது நீங்கள் மனுவில் கேட்டது. கோர்ட் கொடுத்தது அல்ல. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மனு 'பகுதியாக அனுமதிக்கப்படுகிறது' என்று இருப்பதால், கடைசிப் பத்தியில் இல்லாதது மறுக்கப்பட்டதாகவே பொருள்.

அந்தப் பத்தியில் கம்பெனிக்கு இரண்டு கட்டளைகள் உள்ளன. ஒன்று, பணித்தொடர்ச்சியோடு உங்களை மீண்டும் வேலையில் சேர்ப்பது. மற்றொன்று, பணிநீக்க நாளிலிருந்து தீர்ப்பு நாள் வரை 50 சதவீதப் பின்சம்பளம் தருவது. தொகையைக் கோர்ட் எழுதவில்லை, நாம்தான் போட வேண்டும். 29.6.2019 முதல் 28.6.2024 வரை 60 மாதம். கடைசியாக வாங்கிய சம்பளம் 12,000 ரூபாய். மொத்தம் 7,20,000, அதில் பாதி 3,60,000.

கெடுவில்தான் சிக்கல். 'தீர்ப்பு அமலுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள்' என்று எழுதியிருக்கிறது. தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து எண்ணினால் தப்பு. உங்கள் தீர்ப்பு வந்த 2024இல் நடப்பில் இருந்த தொழில் தகராறு சட்டத்தின் 17ஏ பிரிவுப்படி, அரசு தீர்ப்பை வெளியிட்டு 30 நாள் கழிந்த பிறகே அது அமலாகும். உங்களுடையது 5.8.2024 அன்று வெளியாகியிருக்கிறது. அப்படியானால் செப்டம்பர் 4 வாக்கில் அமல், நவம்பர் 4 வாக்கில் கெடு. அதே பத்தியில் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி என்றும் இருக்கிறது; அது கிடைக்குமா என்றால், 'தவறினால்' என்ற சொல்லைப் பாருங்கள். கெடுவுக்குள் கொடுத்துவிட்டால் வட்டி கிடையாது. தவறினால் மாதம் 1,800 ரூபாய்.

இதற்கிடையில், வேலைக்கு வரத் தயார் என்று ஒப்புகையோடு விரைவுத் தபாலில் கடிதம் போட்டுவிடுங்கள். 'அவர் வரவே இல்லை' என்பதுதான் நிர்வாகம் வழக்கமாகச் சொல்லும் பதில்.

கணக்கில் நிர்வாகம் தகராறு செய்தால், அதே லேபர் கோர்ட்டில் அந்தச் சட்டத்தின் 33சி(2) பிரிவில் கணக்கீட்டு மனு போடலாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய்த் தடை வாங்கினாலோ, வேறு எங்கும் வேலையில் இல்லை என்று நீங்கள் பிரமாணப் பத்திரம் தந்தால், வழக்கு நடக்கும் காலத்துக்கு 17பி பிரிவில் அந்த 12,000 ரூபாயை மாதாமாதம் கேட்கலாம். அப்புறம், இப்படி மாதாமாதம் வரும் சம்பளம் பின்சம்பளக் கணக்கில் சேராது; தனித் தாளில் எழுதி வையுங்கள்.