கான்ட்ராக்டிலிருந்து பெர்மனென்ட்: யாரிடம், எப்போது, என்ன கேட்பது?

கேள்வி: சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் தேர்ட் பார்ட்டி பேரோலில் 12 மாத கான்ட்ராக்ட். 7 மாதம் முடிந்துவிட்டது. சி.டி.சி. மாதம் 70,000. பெர்மனென்ட் ஆக்குவார்களா என்று எப்படிக் கேட்பது? என்ன கண்டிஷன் போடுவார்கள்?

பதில்:

இப்போதே கேளுங்கள். 12-ஆவது மாதம் வரை காத்திருந்தால், பெர்மனென்ட் இடத்துக்கு அனுமதி வாங்க மேனேஜருக்கு நேரம் இருக்காது. மூன்று மாத நீட்டிப்பைக் கொடுத்து அனுப்பிவிடுவார். பல கம்பெனிகளில் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான ஆள் கணக்கு அதற்கு முந்தைய சில மாதங்களிலேயே முடிவாகிவிடும். உங்கள் வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தக் கணக்கில் ஓர் இடம் இல்லாவிட்டால் மேனேஜரால் ஒன்றும் செய்ய முடியாது.

கேட்பதற்கு முன் உங்கள் ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்கள். சம்பளம் கொடுப்பது வெண்டார் என்பதால் சட்டப்படி உங்கள் முதலாளி அவர்தான். பி.எஃப். பாஸ்புக்கிலும் வெண்டார் பெயர்தான் இருக்கும். வேலை பார்க்கும் கம்பெனி, அதாவது கிளையன்ட், கான்ட்ராக்ட் முடிந்ததும் உங்களைத் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லெட்டரில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: நோட்டீஸ் எத்தனை நாள்; கிளையன்டிடம் நேரடியாகச் சேரக் கூடாது என்று ஏதாவது தடை இருக்கிறதா. தடை இருந்தாலும் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். குறிப்பிட்ட மாதங்கள் முடிந்த பிறகு கட்டணமில்லாமலோ, அதற்கு முன்பு ஒரு தொகை வாங்கிக்கொண்டோ ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று வெண்டாருக்கும் கிளையன்டுக்கும் இடையே தனி ஒப்பந்தம் இருப்பது வழக்கம். அது உங்கள் கைக்கு வராது. அதனால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் கேட்க வேண்டியது கிளையன்ட் பக்க மேனேஜரிடம், வெண்டாரின் ஹெச்.ஆரிடம் அல்ல. நீங்கள் மாறினால் வெண்டாருக்கு மாதாமாதம் வரும் பில் நின்றுவிடும், அவர் ஆர்வம் காட்டமாட்டார். நேரில் பேசிவிட்டு அன்றே சிறிய மெயில் ஒன்று அனுப்புங்கள். "என் கான்ட்ராக்ட் இன்ன தேதியில் முடிகிறது. இந்த வேலைக்கு பெர்மனென்ட் இடம் அனுமதியாகியிருக்கிறதா? இல்லையென்றால் யார், எந்த மாதம் முடிவு செய்வார்கள்? வெண்டார் ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் காலம் உண்டா? மறுபடி இன்டர்வியூ இருக்குமா?" என்ற நான்கு கேள்விகள் போதும். "பார்த்துக்கலாம்" என்று மட்டும் பதில் வந்து, தேதியும் பெயரும் வராவிட்டால், இடம் இல்லை என்று எடுத்துக்கொண்டு வெளியிலும் வேலை தேடத் தொடங்கிவிடுங்கள்.

பெரும்பாலானவர்கள் தவறவிடுவது சம்பளக் கணக்கை. "அதே சி.டி.சி. தருகிறோம்" என்றாலும் கையில் வருவது குறையலாம். உங்கள் 70,000-இல் வெண்டார் பி.எஃப்.-ஐ 15,000 ரூபாய் வரம்பில் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பங்கு 1,800, உங்கள் பங்கு 1,800. தொழில் வரி, வருமான வரியை விட்டால் கைக்கு வருவது 66,400.

கிளையன்ட் அதே 70,000-இல் 10 சதவீதத்தை வேரியபிள் என்று ஒதுக்கினால் மாதத்துக்கு 63,000 மிஞ்சும். பேசிக் அதில் பாதி, 31,500. முழு பேசிக்கில் 12 சதவீதம் பி.எஃப். என்றால் கம்பெனி பங்கு 3,780. கிராச்சுட்டி 4.81 சதவீதம், ஏறத்தாழ 1,515. இன்சூரன்ஸ் 1,000. இவை போக 56,705. உங்கள் பி.எஃப். பங்கு 3,780 கழிந்தால் கைக்கு 52,925. மாதம் 13,475 குறைவு. பி.எஃப்.-இல் போவது உங்கள் பணம்தான், ஆனால் வீட்டு வாடகைக்கு அது உதவாது. ஆகவே சி.டி.சி.-யைப் பேசாமல், "வேரியபிள் இல்லாமல் ஃபிக்ஸட் எவ்வளவு, பி.எஃப். எந்தத் தொகையின் மேல்" என்று கேட்டு, பிரித்துப் போட்ட கணக்கை வாங்குங்கள்.

கண்டிஷன்களில் பொதுவாக வருவது பின்னணிச் சரிபார்ப்பு, புதிதாக 3 அல்லது 6 மாத புரொபேஷன், புதிய சேரும் தேதி. வெண்டாரிடம் இருந்த மாதங்கள் பொதுவாகச் சீனியாரிட்டியிலோ கிளையன்டின் கிராச்சுட்டிக் கணக்கிலோ சேராது. சேர்ப்பதாக வாயால் சொன்னால் ஆஃபர் லெட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கிளையன்டின் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, சரிபார்ப்பும் முடிந்த பிறகே வெண்டாரிடம் ராஜினாமா கொடுங்கள். நோட்டீஸ் 30 நாள் என்றால் சேரும் தேதியை அதற்கேற்ப வைக்கச் சொல்லுங்கள். ரிலீவிங் லெட்டர் தாமதமாகி சேரும் நாளில் சிக்குவதுதான் அதிகம் நடக்கிறது. பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுத்து பி.எஃப்.-ஐ மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டால், தொடர்ச்சியான சேவை 5 ஆண்டு ஆகாததால் அந்தத் தொகைக்குப் பெரும்பாலும் வரி வரும்.